அறுநூற்று நாற்பது விசாரணைகள்

மாதம் பிறந்தால் மோகனப்பிரியாவுக்குச் சோறு இறங்காது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்த விளம்பர ஆபீஸில் அவளுக்கு வேலை. ஒன்பது கடைகளின் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் கணக்குகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். படம் போடுவது, வீடியோ வெட்டுவது, பண்டிகைக்கு வாழ்த்து அடிப்பது இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மூன்றாம் தேதிக்குள் ஒன்பது கடைக்காரர்களுக்கும், போன மாதம் உங்களுக்காக என்ன கிழித்தோம் என்று அறிக்கை அனுப்ப வேண்டும்.

ஆபீஸ் முதலாளி பிரபாகர் அந்த அறிக்கைக்கு ஓர் அச்சு வைத்திருந்தான். பதினான்கு பக்கம், முழுக்க ஆங்கிலம், பக்கத்துக்கு இரண்டு பச்சை அம்பு. வாங்கிப் பார்க்கும் உரக்கடைக்காரரும் பாத்திரக்கடைக்காரரும் அம்பு மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா என்று மட்டும் கவனித்துவிட்டு, சரிங்க தம்பி, நடத்துங்க என்று விடுவார்கள். அம்பு கீழே பார்த்த மாதம் என்று ஒன்று அந்த ஆபீஸ் சரித்திரத்திலேயே கிடையாது. ஒரு எண் விழுந்தால் பிரபாகர் வேறொரு எண்ணைத் தேடிப் பிடித்து முதல் பக்கத்தில் உட்காரவைத்துவிடுவான்.

ஒருமுறை ஒரு பெயிண்ட் கடைக்காரர் போன் பண்ணி, "ஏனுங்க அம்மிணி, இந்த இம்ப்ரெஷன்னு போட்டிருக்குதே, அது நாம கட்டோணுமா, கவர்மென்ட்டு நமக்குக் குடுக்குதா?" என்று கேட்டார். விளம்பரம் எத்தனை முறை கண்ணில் பட்டது என்ற கணக்கு அது. ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டிய சின்னராஜின் மகள் அவள். பி.காம். முடித்து, நாலு இடத்தில் டேட்டா என்ட்ரி பண்ணி, கடைசியில் இங்கே வந்து சேர்ந்தவள். காசு கொடுத்து வாங்கும் காகிதம் வாங்கியவனுக்கே புரியவில்லை என்றால் அது என்ன காகிதம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்த மாதத்திலிருந்து பதினான்கு பக்கத்துக்கு முன்னால் தன் பொறுப்பில் ஒரு பக்கம் சேர்த்தாள். தமிழில், பெரிய எழுத்தில், கடைக்காரருக்குப் புரியும்படி. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விசாரித்தார்கள், எத்தனை பேர் கடைக்கு வழி கேட்டார்கள். பிரபாகர் தடுக்கவில்லை. கடைக்காரர்களுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கு அது போதும். அந்த ஒரு பக்கத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. அந்தக் கர்வத்தை நினைத்துத்தான் பின்னால் அவளுக்குக் குமட்டியது.

ஒன்பது கடைகளில் ஒன்று ராசிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தெய்வம் நைட்டி சென்டர். உரிமையாளர் தெய்வநாயகிக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டுத் திண்டாட்டத்துக்குக் கொமாரபாளையத்திலிருந்து பத்து நைட்டி வாங்கிவந்து தெருத்தெருவாக விற்கத் தொடங்கி, இன்றைக்கு இரண்டு ஷட்டர் கடை வைத்திருப்பவர். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கில எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கடையில் இருப்பது பெண்கள் மட்டும்தான். அதில் மூத்தவள் ராசாத்தி, முப்பத்தாறு வயது. கணவன் மயில்சாமி போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்கு ஆந்திரா, சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் போய்விடுவான். எந்த உடம்புக்கு எந்த சைஸ் பொருந்தும் என்று ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தே சொல்லிவிடுவாள் ராசாத்தி.

அதனால்தான் வீடியோவில் அவளைப் பேசவைத்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் போடும், முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி. ராசாத்தி சேலை கட்டிக்கொண்டு நின்று, நைட்டியை மேஜைமேல் விரித்து, ஜிப் எங்கே இருக்கிறது, துணி எவ்வளவு பருத்தி, துவைத்தால் சாயம் போகுமா என்றெல்லாம் சொன்னாள். நல்ல வீடியோ. ஒரு பேறுகாலத்துக்காரி பார்த்தால் உபயோகப்படும். வீடியோவை வெட்டியது மோகனப்பிரியா. முகப்புப் படமாக எதை வைக்கலாம் என்று பார்த்தபோது, கீழே விழுந்த அளவு டேப்பை எடுக்க ராசாத்தி சிரித்தபடி குனிந்த ஒரு கணம் கிடைத்தது. உயிரோட்டமாக இருக்கிறது என்று அதையே வைத்தாள். அப்போது அவள் மனதில் வேறு ஒன்றும் இல்லை. அப்படித்தான் அவள் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

காசு கட்டி அந்த வீடியோவை நாலு பேரிடம் ஓட்டுகிற வேலையை பிரபாகர் தானே பார்த்துக்கொண்டான். முதல் மாதம் ஒன்றரை லட்சம் முறை ஓடியது. ஆபீஸ் மென்பொருள் தந்த எண்ணை எடுத்து மோகனப்பிரியா தன் தமிழ்ப் பக்கத்தில் எழுதினாள்: ‘உங்கள் கடையைப் பற்றி விசாரித்தவர்கள் 410 பேர்.’ தெய்வநாயகி அந்தப் பக்கத்தை பிளாஸ்டிக் உறை போட்டு கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார்.

இரண்டாம் மாதம் நாலு லட்சம். அறிக்கை போகும்வரை பிரபாகருக்குப் பொறுக்கவில்லை, ஒன்றாம் தேதி காலையிலேயே போன் பண்ணி அறுநூற்று நாற்பது விசாரணை என்று சொல்லிவிட்டான். அரை மணி நேரத்தில் தெய்வநாயகி மோகனப்பிரியாவைக் கூப்பிட்டார்.

"கண்ணு, இந்த அறுநூத்தி நாப்பது பேரும் என்ன சைஸு கேட்டாங்க, எந்த ஊருன்னு எழுதிக் குடு சாமி. தீபாவளிச் சரக்குக்குக் கொமாரபாளையத்துக்குச் சொல்லோணும். ஆசப்பட்டுக் கேட்டவங்களுக்கு இல்லீங்கன்னு சொல்லிரக் கூடாதல்ல."

நியாயமான கேள்வி. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருஷத்தில் ஒரு கடைக்காரர்கூட இப்படிக் கேட்டதில்லை. மோகனப்பிரியா ஒரு நோட்டில் கோடு போட்டு சைஸ், ஊர் என்று தலைப்பு எழுதிக்கொண்டு, கடைக்கு வந்த செய்திகளையும் வீடியோவுக்குக் கீழே வந்த கமெண்டுகளையும் முதன்முறையாகத் திறந்தாள்.

பத்து நிமிஷத்தில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். எல்லாம் தமிழ்தான், ஆனால் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ராசாத்தியின் உடம்பைப் பற்றி, அந்த ஜிப்பைப் பற்றி, என்ன விலை என்பதைப் பற்றி. நைட்டியின் விலையை அவர்கள் கேட்கவில்லை. எழுதியவர்களில் சாமி படம் வைத்தவன் இருந்தான், பெண் குழந்தையைத் தோளில் வைத்துப் படம் போட்டவன் இருந்தான். சாக்கடைக்குள் கைவிட்டுத் துழாவுவதுபோல் அவள் ஒவ்வொன்றாகப் படித்துக் கோடு போட்டாள். சாயங்காலம் கூட்டிப் பார்த்தபோது, சைஸோ விலையோ கேட்ட பெண்கள் இருபத்து மூன்று பேர். ‘உங்களுக்கு ஃபாலோயர் வாங்கித் தருகிறோம்’ என்று வந்த வியாபாரிகள் நாற்பத்தொரு பேர். வெறும் இதயப் படமும் நெருப்புப் படமும் போட்டுவிட்டுப் போனவர்கள் நூற்றுப் பத்து. மிச்சம் நானூற்று அறுபத்தாறும் அசிங்கம்.

அதைவிட மோசமானது அந்த அசிங்கத்துக்குக் கீழே இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் கடையின் பெயரிலேயே பதில் போயிருந்தது. எல்லாம் சுத்தமான தமிழ் எழுத்து. ‘வாங்க சாமி. கடை காலைல பத்து மணிக்குத் தொறந்திருக்கும். ராசாத்தி எல்லாம் எடுத்துக் காட்டும்.’ கும்பிடும் கை ஒன்று, ரோஜாப்பூ ஒன்று.

தெய்வநாயகிதான். யாரோ ஊர் பேர் தெரியாத ஜனம் மெனக்கெட்டு விசாரித்திருக்கிறது, பதில் சொல்லாமல் விடுவது மரியாதை இல்லை என்று, மதியம் கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில் உட்கார்ந்து, போனின் மைக்கை அமுக்கிப் பேசிப் பேசி ஒவ்வொருவருக்கும் பதில் போட்டிருக்கிறார். என்ன கேட்டார்கள் என்று படிக்கத் தெரியாது. கடையைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள் என்று நம்பிக்கை. நம்பிக்கைக்குக் காரணம், கல்லாவுக்கு மேலே தொங்கும் காகிதத்தில் விசாரணை என்று எழுதியிருந்தது.

மோகனப்பிரியா நோட்டை எடுத்துக்கொண்டு பிரபாகரிடம் போனாள். அவன் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"இதையெல்லாம் எதுக்கு எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கே? உனக்கு வேற வேலை இல்லையா?"

"இது விசாரணை இல்லைங்க சார்."

"மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான் மோகனா. திட்டினாலும் கமெண்ட்டு, கொஞ்சினாலும் கமெண்ட்டு."

"அந்தம்மா பதில் போடறாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? நானே தினம் பார்த்துட்டுத்தான் இருக்கேன். பதில் போடப் போட மேல பத்துப் பேர் வர்றான், ரீச் கூடுது. சாமின்னு வேற கூப்பிடுது பாரு." அவன் சிரித்தான். "நீ போய் எதையாச்சும் சொல்லிக் கெடுத்துடாதே."

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. விளம்பரத்தை யாருக்குக் காட்டச் சொல்லி அமைத்திருக்கிறான் என்று அங்கேயே தன் போனில் திறந்து பார்த்தாள். ஆண், பெண் எல்லோரும், தமிழ்நாடு முழுக்க, பெங்களூரும் சேர்த்து. பெண்களுக்கு மட்டும், ராசிபுரத்தைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் என்று மாற்ற ஒரு நிமிஷம்கூட ஆகாது. கண்ணை எடுக்காமல் பார்க்கிறவன் யாரோ, அவனைப் போலவே இன்னும் பத்துப் பேரைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தது.

"பொம்பளைங்களுக்கு மட்டும் வச்சிருக்கலாமே சார்."

"வச்சா எட்டாயிரம் வரும். நாலு லட்சத்தை உங்கப்பனா தருவான்?" என்றான் பிரபாகர். "விசாரணை அறுநூத்தி நாப்பது, அம்பு மேலே. சைஸைக் கேட்டா டபுள் எக்ஸ்எல்லுன்னு போடு. நாளைக்குள்ள போயாகணும்."

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தாள். முதலில் ‘தேவையற்ற செய்திகள் சில’ என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள், பிரபாகர் எழுதியதுபோலவே இருந்தது. அடித்துவிட்டு, தன் பக்கத்துக்கு என்று தானே வகுத்துக்கொண்ட விதிப்படி, படிக்கிறவருக்குப் புரிகிற வார்த்தையில் எழுதினாள்:

‘நாலு லட்சம் என்பது வீடியோ ஓடிய தடவை. ஒரே ஆள் மூன்று முறை பார்த்தால் மூன்று. ஆளாக எண்ணினால் இரண்டு லட்சத்து அறுபதாயிரம். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பேர் ஆண்கள். அதிகம் பார்த்த ஊர்கள் சென்னை, கோவை, பெங்களூர், மதுரை, திருப்பூர். ராசிபுரம் அந்த வரிசையில் இல்லை. 640 செய்திகளில் நைட்டி வாங்கக் கேட்டவை 23. அந்த 23 பேரின் சைஸும் ஊரும் கீழே இருக்கிறது. அவ்வளவுக்கு மட்டும் கூடுதல் சரக்கு எடுங்கள். 466 செய்திகள் ராசாத்தியைப் பற்றிய அசிங்கமான பேச்சு. அவற்றில் 212 பேருக்கு நீங்கள் கடைக்கு வரச்சொல்லிப் பதில் போட்டிருக்கிறீர்கள். போன மாதம் 410 விசாரணை என்று எழுதியது தவறு. அதை நான் படித்துப் பார்க்காமல் எழுதினேன். இந்த இரண்டு மாதமும் எங்கள் வேலையால் உங்கள் கடைக்கு ஆன நன்மையைவிடக் கெடுதல் அதிகம்.’

இதை மெயிலில் அனுப்பினால் பிரபாகர் கண்ணில் பட்டுவிடும். அதனால் காலையில் அஸ்தம்பட்டிக்குப் போகாமல், ஸ்கூட்டியை வெண்ணந்தூர் வழியாக ராசிபுரத்துக்கு விட்டாள். வேலை போய்விடும் என்று தெரியும். இந்தச் சனியன் போனால் போகட்டும் என்றுதான் இருந்தது.

கடை திறந்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. எதிர்ச் சாரியில் பைக்கில் இரண்டு பேர் உட்கார்ந்து கடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெய்வநாயகி டீ சொன்னார். மோகனப்பிரியாவின் கண் போன திசையைப் பார்த்து, "ஒரு வாரமா பசங்க வாரானுங்க சாமி," என்றார் சந்தோஷமாக. "ராசாத்தி இருக்குதுங்களான்னு கேக்கறானுங்க. அது வந்ததும் ஒண்ணும் வாங்காமப் போயிடறானுங்க. ஊட்ல பொண்டாட்டிக்கு வாங்கறதுக்கு வெக்கமாட்ட இருக்குது."

உள்ளே ராசாத்தி முதுகைக் காட்டியபடி நைட்டி மடித்துக்கொண்டிருந்தாள். மோகனப்பிரியா காகிதத்தை நீட்டினாள்.

தெய்வநாயகி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். ஆண்கள் என்ற இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. அசிங்கமான பேச்சு என்ற இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. பிறகு தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணப் படி."

"வேண்டாங்க அக்கா."

"நான் பதில் சொன்னதுல ஒண்ணப் படி சாமி. எனக்குப் புரியறாப்பல எழுதறவ நீதான. படி."

மோகனப்பிரியா படித்தாள். இருப்பதிலேயே குறைவான ஒன்றைத் தேடி, குரலைத் தாழ்த்திப் படித்தாள். அதைக் குறைவானது என்று தேர்ந்தெடுக்க நேர்ந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"இதுக்கு நான் என்ன சொல்லியிருக்கறேன்?"

"வாங்க சாமின்னு. பத்து மணிக்குக் கடை தொறந்திருக்கும், ராசாத்தி எல்லாம் எடுத்துக் காட்டும்னு."

தெய்வநாயகி எழுந்து பின்பக்கம் போனார். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. மறுபடி மறுபடி கொப்பளித்தார். வந்து உட்கார்ந்தபோது முந்தானை நனைந்திருந்தது.

"நிறுத்து அதை," என்றார்.

மோகனப்பிரியா அங்கேயே, அவர் போனிலேயே விளம்பரத்தை நிறுத்தினாள். வீடியோவை எடுத்தாள். இறக்கி வைத்துக்கொண்டவன், ஒருத்தனுக்கொருத்தன் அனுப்பிக்கொண்டவன் போனிலிருந்தெல்லாம் எடுக்க முடியாது என்பதையும் சொன்னாள். தெய்வநாயகி கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த பழைய பக்கத்தைக் கழற்றி, உறையோடு குப்பைக் கூடையில் போட்டார்.

பிறகு உள்ளே திரும்பினார். "ராசாத்தி. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

ராசாத்தி மடித்துக்கொண்டிருந்த நைட்டியை மடித்து முடித்து, அடுக்கின்மேல் வைத்துவிட்டு வந்தாள். அவள் பார்த்தது தெய்வநாயகியை இல்லை, மோகனப்பிரியாவை.

"போன மாசமே தெரியுமுங்க. ரிக்கு வண்டியில இருக்கறவங்க யாரோ எங்கூட்டுக்காரர்கிட்டக் காட்டியிருக்கறாங்க. அதுல எழுதியிருக்கறதையெல்லாம் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பி, நைட்டிக் கடையில நீ என்னடி வேலை பாக்கறேன்னு கேட்டாருங்க. எனக்குக் கையுங் காலும் ஓடலைங்க. அப்பத்தான் நீங்க எழுதுன காகிதம் மேல மாட்டியிருந்துச்சு. அதப் போட்டோ புடிச்சு அனுப்பினேன். சேலத்து ஆபீசுல இருந்து படிச்ச பொண்ணு தமிழ்ல எழுதியிருக்குது பாருங்க, நானூத்திப் பத்துப் பேரு விசாரிச்சிருக்காங்க, நாலஞ்சு பொறுக்கிங்க பேசறதை எடுத்துக்காதீங்கன்னு சொன்னேன். நம்பிட்டாருங்க."

மோகனப்பிரியா எழுந்து நின்றாள்.

"நானும் நம்பிட்டேனுங்க," என்றாள் ராசாத்தி. மேஜைமேல் இருந்த புதுக் காகிதத்தை எடுத்து, நானூற்று அறுபத்தாறு என்ற வரியில் விரலை வைத்தாள். "நாளான்னைக்கு அவரு ஊருக்கு வாராரு. இப்ப இதுல எதைக் காட்டட்டுங்க, நீங்களே சொல்லுங்க. போன மாசம் எழுதுனதையா, இதையா?"

பைக்கில் இருந்த இருவரும் இறங்கி, சாலையைக் கடந்து கடைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.